‘மகிழ்ச்சியுடன் வரவேற்கிறோம்’ என்ற கடிதத்தில் இல்லாதவை: வருகைதரு ஆய்வாளர்களை அழைக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் இளம் ஆய்வாளர்களை வரவழைக்கும் பேராசிரியர்களுக்கும் துறை அலுவலகங்களுக்கும் வணக்கம்.

நான் பேராசிரியர் இல்லை. இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் துறை அலுவலகத்தில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தவள். வெளிநாட்டிலிருந்து வரும் வருகைதரு ஆய்வாளர்களின் கோப்புகள் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வரும். அழைப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது, அனுமதி அட்டைக்கு விண்ணப்பித்தது, விடுதி அறை கேட்டுக் கெஞ்சியது, பணம் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்ட மின்னஞ்சலுக்குப் பதில் எழுதியது எல்லாம் என் வேலை. அந்த அனுபவத்தை வைத்து ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். நீங்கள் எழுதும் அழைப்புக் கடிதத்தை மாற்றி எழுதுங்கள்.

ஒரு கோப்பைச் சொல்கிறேன். திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெண், முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டு. சிங்கப்பூரின் பழைய தமிழ் ஏடுகளைப் பற்றிய ஆய்வு. 1887இல் இங்கே வெளிவரத் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ முதல், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ வரை அவருக்கு வேண்டும். இணையத்தில் கிடைப்பதைப் படித்து முடித்துவிட்டார். மீதியை இங்கே வந்து உட்கார்ந்துதான் பார்க்க முடியும். எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதினார். பேராசிரியருக்கு அந்த ஆய்வு உண்மையாகவே பிடித்துப்போனது. ஜனவரி நடுவில் துறைத் தாளில் ஐந்து வரிக் கடிதம் ஒன்று போயிற்று. தமிழில் சொன்னால் இப்படி: ‘உங்கள் ஆய்வைப் பற்றி அறிந்து மகிழ்ந்தோம். மே மாதம் முதல் மூன்று மாதங்களுக்கு உங்களை எங்கள் துறைக்கு மகிழ்ச்சியுடன் வரவேற்கிறோம். உங்கள் செலவுகளுக்கு 3,000 வெள்ளி வரை துறை உதவும். உங்கள் வருகையை ஆவலோடு எதிர்பார்க்கிறோம்.’ அப்புறம் கையெழுத்து.

அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான். அதில் தவறு ஏதும் எனக்கு அன்று தெரியவில்லை. அன்பான கடிதம் என்றே நினைத்தேன். அந்தப் பெண் அதை அச்செடுத்து வீட்டில் எல்லாருக்கும் காட்டியதாகப் பிறகு சொன்னார்.

முதல் தடங்கல் அவருடைய பல்கலைக்கழக அலுவலகத்தில் வந்தது. வெளிநாடு போக அவருக்குத் தடையில்லாச் சான்று வேண்டும். அவர் பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவித்தொகை பெறுபவர். வெளியே இருக்கும் நாள்களுக்கு அது தொடர வேண்டும் என்றால் எந்த நாள் போகிறார், எந்த நாள் திரும்புகிறார், அங்கே அவருக்குச் சம்பளம் உண்டா, யார் மேற்பார்வை என்று எழுத்தில் காட்ட வேண்டும். எங்கள் கடிதத்தில் தேதி இல்லை. ‘உதவும்’ என்றால் சம்பளமா, செலவுப் பணமா என்று தெரியாது. மேற்பார்வையாளர் பெயர்கூடக் கையெழுத்தில் மட்டும்தான். ‘தெளிவான கடிதம் வாங்கி வா’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பயணச் செலவுக்காக அவர் விண்ணப்பித்த இன்னோர் இடத்திலும் அதே கேள்விதான். அழைக்கும் நிறுவனம் எவ்வளவு தருகிறது என்று தெரிந்தால்தானே மீதியைத் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவெடுக்க முடியும்? இரண்டாவது கடிதம் போக ஆறு வாரம் ஆயிற்று. அதற்குள் அந்தப் பயண நிதியின் கடைசித் தேதி முடிந்துவிட்டது.

இரண்டாவது தடங்கல் நம் பக்கத்தில். அவர் இங்கே யாராக வருகிறார்? பேராசிரியர்கள் பலர் இதை அலுவலகத்தார் பார்த்துக்கொள்ளும் சின்ன விவரம் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் மற்ற எல்லாம் இதைப் பொறுத்துத்தான். இந்தியக் கடப்பிதழ் உள்ளவர் வெறும் வருகையாளராக வரலாம். வந்து பொது நூலகத்தில் படிக்கலாம், கருத்தரங்கில் பின் வரிசையில் உட்காரலாம். ஆனால் குறுகிய கால வருகை அனுமதியில் அவருக்குத் துறையில் ஒரு நிலை கொடுத்து, வேலை வாங்கி, பணம் கொடுக்க முடியாது. பட்டப்படிப்பு அல்லாத ஆய்வு மாணவராகப் பதிவு செய்தால் மாணவர் அனுமதி அட்டை. அதைக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் நாம் முதலில் பதிவு செய்து தொடங்க வேண்டும். பயிற்சிக்கு வருபவர் என்றால் மனிதவள அமைச்சின் பயிற்சி வேலை அனுமதி. அது அதிகபட்சம் மூன்று மாதம், நீட்டிப்பு கிடையாது. ஆகவே ‘முதலில் மூன்று மாதம் வரட்டும், வேலை நன்றாகப் போனால் இன்னும் ஒரு மாதம்’ என்று வாய்மொழியாகச் சொல்லும் பேராசிரியர், கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுப்பதாகச் சொல்கிறார்.

உரைகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வருகையாளராக வந்தவரை ‘அப்படியே ஒரு நாள் பேசுங்களேன்’ என்று அழைப்பது நம் பழக்கம். கருத்தரங்கில் பேசுவதற்குப் பெரும்பாலும் அமைச்சுக்கு முன்கூட்டித் தெரிவித்தால் போதும். ஆனால் இனம், சமூகம், சமயம், அரசியல் சார்ந்த பொருள் என்றால் கதை வேறு. அதற்குத் தனி வேலை அனுமதி தேவைப்படும். அதை ஏற்பாடு செய்பவர்தான் கேட்டு வாங்க வேண்டும். தமிழ்ச் சமூக வரலாறு பேச வருபவரை அழைக்கும் நமக்கு இது அடிக்கடி குறுக்கே வரும். சுவரொட்டி அடித்த பிறகு தெரிந்து பயனில்லை.

அந்தப் பெண்ணை ஆய்வு மாணவராகப் பதிவு செய்வது என்று ஏப்ரல் தொடக்கத்தில்தான் முடிவாயிற்று. அனுமதி அட்டைக்கு ஒரு மாதமாவது விட வேண்டும். எனவே மே முதல் வாரம் கைநழுவிப்போனது. மே 12 முதல் ஜூலை 28 வரை என்று தேதி நின்றது. 77 இரவுகள். 11 வாரங்கள்.

இந்த 11 வாரம் என்ற கணக்கை நினைவில் வையுங்கள், ஏனென்றால் மூன்றாவது தடங்கல் வீடு. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கே இந்த விதி அந்தக் கோப்பில்தான் உறைத்தது. வீவக வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட வேண்டும் என்றால் குறைந்தது ஆறு மாதம். குடியிருக்க வரும் வெளிநாட்டவரின் அனுமதி அட்டையும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். தனியார் வீடு, கூட்டுரிமை வீடு என்றால் குறைந்தது தொடர்ந்து மூன்று மாதம். 11 வாரத்துக்கு வருபவர் இரண்டிலும் அடங்கமாட்டார். அதாவது இந்த நாட்டில் பெரும்பாலான வாடகை அறைகளில் அவர் முறைப்படி தங்க முடியாது. ‘தேக்கா பக்கம் நம்ம ஆட்கள் வீடு கிடைக்கும், கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்’ என்று பேராசிரியர் என்னிடம் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அப்படிப் போய்ச் சிக்கினால் அவருக்கும் சிக்கல், வீட்டுக்காரருக்கும் சிக்கல்.

மீதி இருப்பது பல்கலைக்கழக விடுதி, சேவைக் குடியிருப்பு, ஹோட்டல். இவற்றில் கட்டுப்படியாவது பல்கலைக்கழக விடுதி மட்டும்தான். அதுவும் எப்போது? பாடப் பருவம் ஆகஸ்டில் தொடங்குகிறது. மே முதல் ஜூலை வரை நம் மாணவர்கள் வீட்டுக்குப் போய்விடுவதால் அறைகள் காலியாகும். ஜூலை கடைசியில் புது மாணவர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் வருகையாளருக்கு இடம் கேட்டால் சிரிப்பார்கள். ஆகவே உங்கள் கடிதத்தில் நீங்கள் போடும் தேதிதான் அவர் எங்கே தூங்குவார் என்பதைத் தீர்மானிக்கிறது. செப்டம்பரில் மூன்று மாதம் என்று எழுதினால், அறையை முதலில் உறுதி செய்துவிட்டு எழுதுங்கள்.

ஆனால் மே முதல் ஜூலை வரை அழைப்பதில் வேறொரு விலை உண்டு. அந்த மாதங்களில்தான் நீங்கள் ஊரில் இருப்பதில்லை. மாநாடு, களப்பணி, குடும்பப் பயணம் எல்லாம் அப்போதுதான். எங்கள் பேராசிரியர் ஜூன் முழுவதும் ஐரோப்பாவில் இருந்தார். அந்தப் பெண் இங்கிருந்த 11 வாரத்தில் அவரை நேரில் பார்த்தது மூன்று முறை. மூன்றாவது முறை விடைபெறும் நாள். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. பயணம் ஓராண்டுக்கு முன்பே முடிவானது. கோபம் எல்லாம், ஜனவரியில் அது தெரிந்திருந்தும் கடிதத்தில் ஒரு வரி இல்லையே என்பதில்தான். ‘ஜூன் மாதம் நான் ஊரில் இருக்கமாட்டேன், அப்போது இன்னார் உங்களைப் பார்த்துக்கொள்வார்’ என்று எழுதியிருந்தால் அவர் தன் வேலையை வேறு மாதிரி அடுக்கியிருப்பார். கேள்விகளை மேயிலேயே கேட்டு முடித்து, ஜூனை நூலகத்துக்கு ஒதுக்கியிருப்பார். மாறாக, ஜூன் முதல் இரண்டு வாரம், பேராசிரியர் இன்று வருவார் நாளை வருவார் என்று துறை வராந்தாவில் காத்திருந்தார். நான் கடந்துபோகும்போதெல்லாம் எழுந்து நிற்பார். ‘உட்காரும்மா’ என்று சொல்லிவிட்டுப் போவேன். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கும் தெரியாது.

அவர் ஆய்வைக் காப்பாற்றியது விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகம். அங்கே லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்துக்குள் நுழைய யாருடைய அழைப்புக் கடிதமும் வேண்டாம். நுண்படச் சுருளைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தால் போதும். இணையத்தில் தலைப்பை மட்டும் காட்டி, முழுப் பக்கத்தை நூலகக் கணினியில்தான் திறக்கும் செய்தித்தாள்களும் அங்கே கிடைத்தன. எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் அவருக்குக் கணக்குத் திறக்கவே நான்காவது வாரம் ஆயிற்று. அதுவும் அவர் எந்த வகை வருகையாளர் என்று இரண்டு அலுவலகங்களுக்கு இடையில் ஒத்துவராததால்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அந்தப் பெண்ணின் செலவு ஏறக்குறைய இப்படி. திருச்சியிலிருந்து போய்வர விமானம் 450 வெள்ளி. விடுதி அறை ஓர் இரவுக்கு 30 வீதம் 77 இரவுக்கு 2,310. சாப்பாடு ஒரு நாளைக்கு 15 வீதம் 1,155. பேருந்து, எம்ஆர்டி 250. அனுமதி அட்டைக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து 150. மொத்தம் 4,315 வெள்ளி. ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் 2,80,000 ரூபாய்க்குச் சற்று மேலே. அவருடைய மூத்த ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 42,000 ரூபாய். ஏழு மாதம் தண்ணீர் மட்டும் குடித்துச் சேர்த்தால் வரும் தொகை.

துறை தருவதாகச் சொன்ன 3,000 வெள்ளி சிறிய தொகை அல்ல. ஆனால் அது எப்படி வரும் என்று கடிதம் சொல்லவில்லை. எங்கள் நிதிப் பிரிவின் விதிப்படி அது முன்பணம் இல்லை. செலவழித்துவிட்டு, ரசீது காட்டி, திரும்பப் பெற வேண்டிய பணம். அதற்குள்ளும் பிரிவுகள் இருந்தன. அறைக்கு 2,000, வாழ்க்கைச் செலவுக்கு 1,000. விமானக் கட்டணம் எதிலும் அடங்காது. இவை எதுவும் அவருக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், கடிதம் போன நாளில் எனக்கும் முழுதாகத் தெரியாது.

அவர் அம்மாவின் வளையல்களை வைத்து நகைக்கடன் வாங்கி விமானச் சீட்டு எடுத்தார், விடுதிக்குப் பணம் கட்டினார். ஆகஸ்டில் ஊர் திரும்பிய பிறகு ரசீதுகளை ஒட்டி அனுப்பினார். அறைக்கான 2,000 வந்தது, மேலே இருந்த 310 அவருடையதாயிற்று. வாழ்க்கைச் செலவுக்கான 1,000த்தில் அவரால் 212 வெள்ளிக்குத்தான் ரசீது காட்ட முடிந்தது. அது பேரங்காடியில் வாங்கிய பழமும் ரொட்டியும் சோப்பும். மற்ற நாள்களில் அவர் சாப்பிட்டது உணவங்காடி நிலையத்தில். தோசைக் கடையில் யார் ரசீது கொடுக்கிறார்கள்? மீதி 788 வெள்ளி அந்த நிதியாண்டோடு போயிற்று. அவருக்கு இங்கே வங்கிக் கணக்கு இல்லாததால் பேநவ் வழி அனுப்ப முடியாது. வெளிநாட்டுப் பணமாற்றத்துக்கு அவரை ஒரு விற்பனையாளர் போலப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தப் படிவத்தில் ஒரு வங்கிக் குறியீடு தவறிப்போய்த் திரும்பி வந்தது. கடைசியில் அக்டோபரில் 2,212 வெள்ளி போனது, வழியில் வங்கிகள் எடுத்துக்கொண்டது போக. நகைக்கடனுக்கு அதுவரை வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அதே 3,000 வெள்ளியை வேறு மாதிரி கொடுத்திருக்க முடியும். விடுதியும் பல்கலைக்கழகத்தினுடையதுதான். 2,310 வெள்ளியைத் துறையே உள்கணக்கு மாற்றத்தில் விடுதிக்குக் கட்டியிருந்தால் அவர் கையிலிருந்து ஒரு காசு போயிருக்காது. மீதி 690 வெள்ளியை, ரசீது கேட்காத நாள்படியாக, வந்த முதல் வாரத்திலேயே கொடுத்திருக்கலாம். நாளுக்கு ஏறக்குறைய 9 வெள்ளி. அப்போது அவர் தேடவேண்டிய தொகை 1,315 வெள்ளி. ரூபாயில் 85,000 சொச்சம், இரண்டு மாத உதவித்தொகை. அந்தத் தொகைக்கு ஒரு பயண நிதியைக் கேட்டிருக்கலாம், கிடைக்கவும் வாய்ப்பு இருந்தது. துறைக்குக் கூடுதலாகப் பெரிய செலவு எதுவும் இல்லை. நாள்படிக்கு நிதிப் பிரிவின் ஒப்புதல் வேண்டும், அதை ஜனவரியில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு வந்த கோப்புகளில் நான் கேட்டேன். இரண்டு முறை மறுத்தார்கள், மூன்றாம் முறை கொடுத்தார்கள்.

பணத்துக்கு நீங்கள் வைக்கும் பெயரிலும் கவனம் வேண்டும். இன்னொரு கோப்பில், வருகை தந்த ஆய்வாளர் ஒருவருக்கு உரைக்காக 300 வெள்ளி மதிப்பூதியம் என்று கடிதத்தில் எழுதினோம். கையில் போனது 255. இங்கே வசிக்காத தொழில்முறையாளருக்குக் கொடுக்கும் தொகையில் 15 விழுக்காட்டை வரியாகப் பிடிக்க வேண்டும் என்பது விதி. அவர் 45 வெள்ளியை நாங்கள் எடுத்துக்கொண்டதாகவே நினைத்தார். ‘வரி போக 255’ என்று முதலிலேயே எழுதியிருந்தால் அந்த மனக்கசப்பு வந்திருக்காது.

இதை மற்ற நாடுகள் எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தால் ஒன்று தெரிகிறது. அமெரிக்காவுக்கு ஜே-1 விசாவில் ஆய்வுக்குப் போகிறவருக்கு அழைக்கும் நிறுவனம் டிஎஸ்-2019 என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். எந்த வகை வருகையாளர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த இடத்தில், யார் எவ்வளவு பணம் தருகிறார்கள் எல்லாம் அந்த ஒரே தாளில் நிரப்பப்பட வேண்டும். குறுகிய கால ஆய்வாளர் என்று போட்டால் ஆறு மாதத்துக்கு மேல் இருக்க முடியாது என்பதும் அந்த வகையிலேயே அடங்கிவிடுகிறது. பேராசிரியர் மறந்தாலும் படிவம் மறக்காது. ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் ஆய்வு உதவியில் அழைக்கும் பேராசிரியரே தம் நிறுவனம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அதனால் அவர் விவரங்களைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. நம் ஊரிலும் அப்படி ஒழுங்காக நடப்பவை உண்டு. ஏஸ்டாரின் பட்டப்படிப்புக்கு முந்தைய ஆய்வு விருதில் மாத உதவித்தொகை எவ்வளவு, குறைந்தது எத்தனை மாதம், அதிகம் எத்தனை மாதம் என்பது விண்ணப்பிக்கும் முன்பே தெரியும். சிக்கல் எல்லாம் ஒரு பேராசிரியரும் ஓர் இளம் ஆய்வாளரும் மின்னஞ்சலில் பேசி முடிவுசெய்யும் தனி அழைப்புகளில்தான். அங்கே படிவம் இல்லை. படிவம் செய்ய வேண்டிய வேலையை உங்கள் கடிதம்தான் செய்ய வேண்டும்.

சரி, எப்படி எழுதலாம்? அந்தப் பெண்ணுக்கே அந்த ஜனவரியில் நாங்கள் அனுப்பியிருக்க வேண்டிய கடிதத்தைப் பிறகு ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். இதோ:

‘நீங்கள் மே 5 முதல் ஜூலை 28 வரை எங்கள் துறையில் பட்டப்படிப்பு அல்லாத ஆய்வு மாணவராக இருப்பீர்கள். இது வேலை நியமனம் அல்ல, சம்பளம் இல்லை. உங்களுக்கு மாணவர் அனுமதி அட்டை வேண்டும். அதற்கான பதிவை மார்ச் முதல் வாரத்தில் நாங்கள் தொடங்குவோம். அதற்கு முன் கடப்பிதழின் படியும் உங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் சான்றும் எங்களுக்கு வர வேண்டும். பதிவுக் கட்டணமோ ஆய்வுக் கட்டணமோ நாங்கள் வசூலிக்கமாட்டோம். துறை மொத்தம் 3,000 வெள்ளி தருகிறது. அதிலிருந்து விடுதி வாடகையை நேரே கட்டுவோம். மீதியை நீங்கள் வந்த முதல் வாரத்தில் தருவோம், ரசீது வேண்டாம். விமானக் கட்டணத்தையும் உணவுச் செலவின் பெரும்பகுதியையும் நீங்கள் வேறிடத்தில் தேட வேண்டும். எங்கள் கணக்கில் அது சுமார் 1,600 வெள்ளி. அறை ஜூலை 28 வரை மட்டுமே, நீட்டிக்க முடியாது. ஜூன் மாதம் நான் வெளிநாட்டில் இருப்பேன். அப்போது உங்கள் ஆய்வைத் துறையின் இன்னார் பார்ப்பார், அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மே மாதம் வாரம் ஒரு முறை நாம் சந்திப்போம். நூலகக் கணக்கு முதல் வாரத்தில் கிடைக்கும். நிர்வாகக் கேள்விகளுக்கு அலுவலகத்தில் இன்னாருக்கு எழுதுங்கள்.’

இதில் அழகு இல்லை. ‘மகிழ்ச்சி’ என்ற சொல்கூட இல்லை, வேண்டுமானால் முதல் வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கடிதத்தை ஊரிலுள்ள அலுவலகத்தில் கொடுத்தால் தடையில்லாச் சான்று கிடைக்கும். பயண நிதிக்கு இணைத்தால் எவ்வளவு கேட்கிறார், ஏன் கேட்கிறார் என்று அவர்களுக்குப் புரியும். அம்மாவின் வளையல்களை வைப்பதா வேண்டாமா என்று அந்தக் குடும்பம் கண்ணைத் திறந்துகொண்டு முடிவு செய்யும்.

இதை எழுத நீங்கள் முதலில் நான்கு பேரிடம் பேச வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அனுமதி அட்டையைப் பார்ப்பவர், விடுதி அலுவலகம், நிதிப் பிரிவு, ஜூனில் உங்களுக்குப் பதில் நிற்கப்போகும் சக ஆசிரியர். அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த இரண்டு மூன்று வாரத்தைக் கடிதம் எழுதும் முன்பே செலவழியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பின்னால் தள்ளினால் அது அவருடைய வாரங்களிலிருந்து போகிறது. இங்கே இருக்கும் 11 வாரத்தில் நான்கு வாரம் கணக்குத் திறக்கவும் காத்திருக்கவும் போனால் மிச்சம் ஏழுதான்.

பணம் இல்லாத துறைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் சிலர், பணம் தர முடியாது என்று எழுதக் கூச்சப்பட்டு ‘இயன்ற உதவி செய்வோம்’ என்று எழுதுகிறீர்கள். நானும் அப்படித் தட்டச்சு செய்திருக்கிறேன். அந்த வரி நல்லெண்ணத்தில் வருகிறது. ஆனால் அதைப் படிக்கும் நிதியாளர், உதவி வரும்போலிருக்கிறதே என்று தங்கள் தொகையைக் குறைக்கிறார். ஆய்வாளரோ ஏதோ வரும் என்று நம்பி வந்துவிடுகிறார். ‘பணம் தர இயலாது, மேசை, நூலகக் கணக்கு, வாரம் ஒரு சந்திப்பு தருவோம், கட்டணம் வாங்கமாட்டோம்’ என்று எழுதிய கடிதத்தை வைத்து வேறிடத்தில் முழு நிதி வாங்கி வந்த இரண்டு பேரை நான் பார்த்திருக்கிறேன். இல்லை என்பது எழுத்தில் தெளிவாக இருந்ததால்தான் அவர்களால் கேட்க முடிந்தது.

துறை அலுவலகங்களில் இருக்கும் என் பழைய சகாக்களுக்கும் சொல்கிறேன். பேராசிரியர் ஐந்து வரியை அனுப்பி ‘இதைத் துறைத் தாளில் போட்டு அனுப்பிவிடுங்கள்’ என்று சொன்னால், போடாதீர்கள். ‘ஐயா, எந்தத் தேதி, எந்த அட்டை, எந்த அறை, பணம் எப்போது எப்படி?’ என்று திரும்பக் கேளுங்கள். முதல் தடவை முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தத் தைரியம் வர ஏழெட்டு ஆண்டு ஆயிற்று. அந்தப் பெண்ணின் கோப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது.

அவர் ஆய்வை முடித்துவிட்டார். வாய்மொழித் தேர்வு நடந்த அன்று எனக்கு எழுதினார். ‘சிங்கை நேசன்’ இயலை விரித்து எழுத இன்னொரு முறை இங்கே வர வேண்டுமாம். எந்தத் துறை அழைக்கும் என்று கேட்டிருந்தார். ஜனவரி வருகிறது. கடிதம் உங்களில் ஒருவரிடமிருந்துதான் போக வேண்டும்.

அன்புடன்,
துறை அலுவலகத்தில் முன்பு பணிபுரிந்த ஒருத்தி
சிங்கப்பூர்